ஏற்றுவதற்கு முன்

முட்டை இட்ட நிமிடத்திலிருந்தே அதற்கு வயதாகத் தொடங்கிவிடுகிறது. நாமக்கல்லிலிருந்து வெளிநாட்டுக்கு முட்டை விற்கிறவர் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அடியில் கிடப்பது இந்த ஒரு விஷயம்தான். கரூர்க்காரர் அனுப்பிய படுக்கை விரிப்பு அயல்நாட்டுத் துறைமுகத்தில் இரண்டு மாதம் கிடந்தாலும் படுக்கை விரிப்பாகவே இருக்கும். சேலத்து இரும்புச் சாமானும் அப்படித்தான். பணம் வரும்வரை கப்பல் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் காத்திருக்கலாம். முட்டைக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவர் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் சரக்கின் மேல் குத்தியிருக்கும் தேதி பழசாகிக்கொண்டே போகும். அது எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கும் நன்றாகத் தெரியும்.

அதனால்தான் எங்கள் ஊரில் 'பணம் வந்தால் லோடு' என்கிற வழக்கம் உறுதியாக நிற்கிறது. சந்தேகத்தால் வந்த வழக்கம் இல்லை அது, சரக்கின் இயல்பால் வந்தது. ஆனால் முகம் பார்த்திராத ஒரு புதிய வாங்குநருக்கு இதை எழுதும்போது, பெரும்பாலான கடிதங்கள் சரக்கின் இயல்பைச் சொல்லாமல் சந்தேகத்தைச் சொல்லிவிடுகின்றன. ஏற்றுமதி அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன் என்கிற முறையில் இந்த இடத்தில்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது. புரோஃபார்மா இன்வாய்ஸைத் தட்டச்சு செய்ய அரைமணி நேரம் போதும். அதோடு போகிற நாலு பத்திக் கடிதத்துக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் போய்விடும்.

முதலில் அந்தப் புரோஃபார்மாவைப் பற்றி. பெயரில் இன்வாய்ஸ் என்று இருந்தாலும் அது விற்பனைப் பில் ஆகாது. இன்ன சரக்கை, இன்ன விலைக்கு, இன்ன நிபந்தனையில் தருகிறேன் என்று விற்பவர் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் வாக்கு அது. வாங்குபவர் அதை வைத்துத்தான் தன் நாட்டில் இறக்குமதி அனுமதிக்கு மனுப் போடுகிறார். பணம் அனுப்பப் போனால் அவருடைய வங்கியும் அந்தத் தாளைத்தான் கேட்கிறது. இங்கே பணம் வந்து சேரும்போது நம்முடைய வங்கி, இது ஏற்றுமதிக்கான முன்பணம் என்று P0103 என்ற குறியீட்டில் பதிவு செய்துகொள்ள அதே தாளைக் கேட்கும். ஆக ஒரே தாளை இரண்டு நாட்டு அலுவலகங்களில் குறைந்தது நாலு மேசையில் படிப்பார்கள். கடிதத்தில் ஒரு தவணையும் புரோஃபார்மாவில் வேறொரு தவணையும் இருந்தால் நாலு மேசையில் ஏதோ ஒன்றில் அது மாட்டிக்கொள்ளும்.

ஒரு கடிதத்தையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். மஸ்கட்டில் ஒரு வாங்குநர், முதல் ஆர்டர். ஒரு 40 அடி ரீஃபர் கன்டெய்னர். அதில் 1,312 அட்டைப்பெட்டி பிடிக்கும். பெட்டிக்குள் 30 முட்டை ட்ரே பன்னிரண்டு, அதாவது 360 முட்டை. கன்டெய்னருக்குக் கூட்டினால் 4,72,320 முட்டை. 2025ஆம் ஆண்டு நாமக்கல்லிலிருந்து அமெரிக்காவுக்கு ஒரு கோடி முட்டை போனதாகச் செய்தி வந்தபோது 21 கன்டெய்னர் என்றார்களே, அதே அளவுதான். கணக்குப் பார்க்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பெட்டிக்கு 26 டாலர், கொச்சியில் கப்பலேற்றித் தரும் விலை என்று வைத்துக்கொள்கிறேன். மொத்தம் 34,112 டாலர். ஒரு நடுத்தரப் பண்ணைக்காரர் இந்தத் தொகையைக் கடனாக விட்டுவைத்தால் அடுத்த மாதத் தீவனத்துக்கு அவர் கைமாற்று வாங்க வேண்டியிருக்கும்.

பண்ணைக்காரர் என்னிடம் சொன்னது சுருக்கம்: "காசு வந்தா லோடு ஏத்துவோம், இல்லீன்னா இல்லீங்கன்னு எழுதிப்போடுங்க சார். சுத்தி வளைக்க வேண்டாம்." அலுவலகப் பையன் அதை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'எங்கள் நிறுவனக் கொள்கைப்படி புதிய வாடிக்கையாளர்களுக்கு நூறு சதம் முன்பணம் கட்டாயம். பணம் வராமல் சரக்கு அனுப்ப இயலாது. தாமதமின்றிப் பணம் அனுப்பவும்.'

சுற்றி வளைக்க வேண்டாம் என்பதில் எனக்கும் பண்ணைக்காரருக்கும் வேறுபாடு இல்லை. இந்த மூன்று வாக்கியமும் சுருக்கமாகத்தான் இருக்கின்றன. ஆனால் படிக்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றுகூட இவற்றில் இல்லை. எந்தத் தேதிக்குள் பணம்? பணம் வந்த பிறகு நாம் என்ன செய்வோம், எத்தனை நாளில் செய்வோம்? செய்யாவிட்டால் என்ன? ஒன்றும் கிடையாது. 'கொள்கை' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அலுவலகங்கள் நினைக்கின்றன. 'புதிய வாடிக்கையாளர்' என்று போட்டதோ, உங்களை இன்னும் நம்பவில்லை என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது. அவர் புதியவர் என்றால் நாமும் அவருக்குப் புதியவர்தான். கண்டிராத ஊரில் உள்ள, கண்டிராத ஒருவருக்கு முப்பத்து நாலாயிரம் டாலரை முன்கூட்டி அனுப்பச் சொல்கிறோம். பயம் அவருக்கும் இருக்கும். அந்தப் பயத்துக்குக் கடிதத்தில் பதில் இருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. 'தங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்', 'இயன்றால்', 'தயவுகூர்ந்து' என்று மூன்று வரி பணிவு போட்டு, நடுவில் எங்கோ முன்பணத்தை ஒளித்து வைக்கிற கடிதம். இது முதலாவதைவிட ஆபத்தானது என்பேன். படிக்கிறவர் இதைப் பேரத்துக்குத் திறந்த கதவாக எடுத்துக்கொள்வார். கப்பல் ரசீது நகல் வந்ததும் தருகிறேன் என்று மறுவரி வரும். ஒப்புக்கொள்ள முடியாத ஒன்றை ஒப்புக்கொள்வதுபோல் எழுதியது நம்முடைய கை.

சரி, ஏன் ஒப்புக்கொள்ள முடியாது? இதைக் கடிதம் எழுதுகிறவர் முழுதாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரியாவிட்டால் காரணம் எழுத வராது, கொள்கை என்றுதான் எழுத வரும்.

பல சரக்குகளில் நடக்கிற வழக்கம் இதுதான்: முப்பது சதம் முன்பணம், மீதி எழுபதும் கப்பல் ரசீதின் நகலைப் பார்த்த பிறகு. பி.எல். என்று சொல்கிற அந்தக் கப்பல் ரசீதின் மூலப்பிரதி யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் கப்பல் நிறுவனம் சரக்கைத் தரும். ஆகவே மூலம் நம் கையில் இருக்கும்வரை சரக்கும் நம்முடையது. சட்டப்படி இது சரி. வெள்ளைப்பூண்டுக்குக்கூட ஓரளவு சரி. முட்டைக்கு அந்த மூலம் காகிதம்தான். கன்டெய்னர் சோகார் துறைமுகத்தில் இறங்கிவிட்டது, வாங்குநர் பணம் அனுப்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலவச நாட்கள் முடிந்ததும் துறைமுகத்துக்கு வாடகை, கன்டெய்னரைத் திருப்பித் தராததற்குக் கப்பல் நிறுவனத்துக்கு அபராதம், ரீஃபரைக் குளிரில் வைத்திருக்க மின்சாரக் கட்டணம் என்று மூன்று மீட்டர் ஒரே நேரத்தில் ஓடும். வேறொருவருக்கு விற்கலாம் என்றால் பெட்டியில் முதல் ஆளின் பெயர் அச்சாகியிருக்கிறது, இறக்குமதி அனுமதியும் அவர் பெயரில்தான் இருக்கிறது. திரும்பக் கொண்டுவருவதென்றால் வழிச்செலவும் காகித வேலையும் போக, வந்து சேரும் முட்டையை உள்ளூரில் யாரும் வாங்க மாட்டார்கள். அந்த நிலையில் வாங்குநர் தொலைபேசியில் கூப்பிட்டு, பெட்டிக்கு நாலு டாலர் குறைத்தால் இன்றே பணம் போடுகிறேன் என்பார். விற்பவர் குறைப்பார். வேறு வழி கிடையாது. எல்லா வாங்குநரும் இப்படிச் செய்பவர்கள் அல்ல. ஆனால் கெட்ட எண்ணமே இல்லாதவரும், தன் கையில் பணம் தட்டுப்படும் மாதத்தில் எந்தச் சரக்கின் பணத்தைத் தள்ளிப்போடலாம் என்று பார்க்கையில் அவர் கண்ணில் முதலில் படுவது வந்து இறங்கிவிட்ட சரக்குதான்.

எல்.சி. போடலாமே என்று படித்தவர்கள் கேட்பார்கள். வங்கி உத்தரவாதம் இருக்கும்போது முன்பணம் எதற்கு என்பது நியாயமான கேள்வி. விடை தூரத்தில் இருக்கிறது. கொச்சியிலிருந்து வளைகுடாவுக்கு நேரடிக் கப்பல் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் போய்விடுகிறது. ஆவணங்கள் அந்த வேகத்தில் போகாது. கப்பல் புறப்பட்ட பிறகு பி.எல். கையில் வர வேண்டும். கால்நடைத் துறையின் நலச்சான்று, உற்பத்தி நாட்டுச் சான்று எல்லாவற்றையும் சேர்த்து வங்கியில் கொடுக்க வேண்டும். எல்.சி.க்கான உலகப் பொதுவிதியான யு.சி.பி. 600, ஆவணத்தைச் சரிபார்க்க ஒவ்வொரு வங்கிக்கும் ஐந்து வங்கி நாட்கள் வரை தருகிறது. நடுவே கூரியர். ஒரு எழுத்து மாறியிருந்தால் திருத்தம். அதற்குள் சரக்கு அங்கே போய் நிற்கும். அமெரிக்காவுக்கு வாரக்கணக்கில் பயணம் செய்கிற சரக்குக்குப் பொருந்துகிற ஏற்பாடு, அரபிக்கடலைத் தாண்டினால் போதும் என்கிற முட்டைக்குப் பொருந்துவதில்லை.

இந்த இடத்தில்தான் கடிதத்துக்கான வலுவான காரணம் கிடைக்கிறது. அது விற்பவரைவிட வாங்குபவருக்கு அதிகம் பயன்படுகிற காரணம். முழுப்பணமும் முன்பே வந்துவிட்டால், கப்பல் புறப்பட்டவுடன் மூன்று மூலப் பி.எல்.லையும் இங்கேயே கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடலாம். சரண்டர் செய்வது என்பார்கள். இங்குள்ள அலுவலகம் அங்குள்ள அலுவலகத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். வாங்குநர் கூரியரையும் வங்கியையும் எதிர்பார்க்காமல் கப்பல் வந்த அன்றே சரக்கை எடுக்கலாம். அவருக்கு வாடகை மிச்சம், மின்கட்டணம் மிச்சம், கடைக்காரர்களுக்குக் கொடுக்க நாலைந்து நாள் இளமையான முட்டை. இந்த ஒரு தகவலைச் சொல்லாமல் முன்பணம் கேட்கிற கடிதங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. நம்மிடம் இருக்கிற நல்ல காரணத்தை விட்டுவிட்டுக் கொள்கையை எடுத்து நீட்டுகிறோம்.

அடுத்தது எந்தக் கணத்துக்கு முன் பணம் வேண்டும் என்பது. 'சரக்கு அனுப்பும் முன்' என்று எழுதினால் அது எந்த முன்? கொச்சியிலிருந்து காலி ரீஃபர் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஏறி நாமக்கல் வருகிறது. இங்கே பேக்கிங் கூடத்தில் ஏற்றுகிறார்கள். மறுபடி இறங்கிக் கொச்சி போகிறது. சுங்கம், துறைமுக வாசல், கப்பல். இதில் எங்கே நின்றும் வாங்குநர், கப்பல் இன்னும் கிளம்பவில்லையே என்று சொல்லலாம். தவறும் இல்லை, நாம் எழுதியது அப்படி.

தேதியை எங்கே வைப்பது என்பதற்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான். எந்தக் கட்டத்துக்குப் பிறகு முட்டை உள்ளூர்ச் சந்தைக்குத் திரும்ப முடியாது என்று பார்க்க வேண்டும். வளைகுடாவுக்குப் போகிற முட்டையின் ஓட்டிலேயே தேதியை அச்சிடுகிறார்கள். வாங்குநர் பெயர் போட்ட பெட்டிகள் அச்சகத்திலிருந்து வந்தாக வேண்டும். பெட்டி அச்சாகிவிட்டால் அதற்கான செலவு போனது போனதுதான். முட்டையில் அச்சு விழுந்து குளிர்ப்பெட்டிக்குள் ஏறிவிட்டால், மறுநாள் ஈரோட்டுக்கோ சென்னைக்கோ லாரியில் ஏற்றும் முட்டையோடு அதைக் கலக்க முடியாது. ஆகவே பெட்டி அச்சுக்கு முன் முதல் தவணை. கன்டெய்னரில் ஏற்றுவதற்கு முன் இரண்டாவது. நூறு சதமும் ஒரே மூச்சில் கேட்பதைவிட இப்படிப் பிரிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. ஒவ்வொரு தவணையும் நாம் செய்யப்போகும் ஒரு செலவோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது வாங்குநருக்குக் கண்ணால் தெரியும்.

'பணம் வருவது' என்பதையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அங்கே வங்கியில் உத்தரவு கொடுத்ததும் ஸ்விஃப்ட் நகல் என்று ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்புவார்கள். வாட்ஸ்அப்பில் அது வந்ததும் லோடு ஏற்றத் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்த நகல் உத்தரவின் சாட்சிதான். பணம் நம் கணக்குக்கு வந்ததன் சாட்சி ஆகாது. ஓமானில் வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். நமக்கு ஞாயிறும், மாதத்தில் இரண்டாம் நாலாம் சனியும். டாலர் என்பதால் பெரும்பாலும் நியூயார்க்கில் உள்ள ஒரு வங்கி வழியாக வர வேண்டும். வியாழன் பிற்பகலில் மஸ்கட்டில் கொடுத்த உத்தரவு வெள்ளியன்று நியூயார்க்கில் நகரும்போது நமக்கு இரவு. சனி விடுமுறையாக அமைந்தால் திங்களன்று காலை கன்டெய்னர் கூடத்து வாசலில் நிற்கும், கணக்கில் பணம் இருக்காது. இதில் யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் ஓட்டுநர் நிற்கிறார், ஜென்செட் ஓடுகிறது, கப்பலின் கட்-ஆஃப் நேரம் நெருங்குகிறது, அந்த நெருக்கடியில் யாரோ ஒருவர் 'நகல்தான் வந்துடுச்சே, ஏத்துங்க' என்று சொல்லிவிடுவார். கிழமை பார்த்துத் தேதி போட்டால் இந்தக் காலை நேரமே வராது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு திருத்திய கடிதம் தமிழில் இப்படி அமையும்:

'உங்கள் ஆர்டருக்கான புரோஃபார்மா இன்வாய்ஸை இத்துடன் அனுப்பியுள்ளோம். ஒரு 40 அடி ரீஃபர், 1,312 பெட்டி, கொச்சியில் கப்பலேற்றித் தரும் விலை 34,112 அமெரிக்க டாலர். முட்டை விலை இங்கே அடிக்கடி மாறுவதால் இந்த விலை 12ஆம் தேதி வியாழன் மாலை வரை செல்லும்.

'பணம் இரண்டு தவணை. முதல் தவணை 10,233.60 டாலர், 12ஆம் தேதிக்குள். அது வந்ததும் விலை இருவருக்கும் உறுதியாகிறது. இங்கே விலை ஏறினாலும் கூடுதலாகக் கேட்க மாட்டோம். உங்கள் பெயரிட்ட பெட்டிகளை அச்சிட்டு, கப்பலில் இடம் பதிவு செய்வோம். இரண்டாம் தவணை 23,878.40 டாலர், 20ஆம் தேதி வெள்ளிக்கிழமை எங்கள் கணக்கில் வரவாகியிருக்க வேண்டும். அதற்கு நீங்கள் 18ஆம் தேதி புதன்கிழமை உங்கள் வங்கியில் உத்தரவு கொடுப்பது நல்லது. 23ஆம் தேதி திங்களன்று கன்டெய்னரில் ஏற்றுகிறோம். இரண்டாம் தவணை வரவாகாமல் ஏற்றுவதில்லை.

'கொச்சியிலிருந்து சோகாருக்குப் பயண நாட்கள் குறைவு என்பதால், ஆவணங்கள் வங்கி வழியாக வந்தால் சரக்குக்குப் பின்னால்தான் வந்து சேரும். முழுத்தொகையும் முன்பே கிடைத்தால் கப்பல் புறப்பட்ட மறு வேலைநாளில் பி.எல்.லை இங்கேயே சரண்டர் செய்துவிடுவோம். நீங்கள் காத்திராமல் சரக்கை எடுத்துக்கொள்ளலாம்.

'ஏற்றும் நாளில் முட்டை, பெட்டி, கன்டெய்னர் ஆகியவற்றின் படங்களையும் சீல் எண்ணையும் வெப்பப் பதிவுக் கருவியின் எண்ணையும் அன்றே அனுப்புவோம். நீங்கள் விரும்பும் ஆய்வு நிறுவனம் உங்கள் செலவில் வந்து நின்று பார்க்கலாம். எங்கள் காரணத்தால் 26ஆம் தேதிக் கப்பல் தவறினால் அடுத்த கப்பலா, பணமா என்பது உங்கள் விருப்பம். பணம் என்றால் ஐந்து வேலைநாளில் முழுத்தொகையும் திரும்பும்.'

பண்ணைக்காரர் கடைசிப் பத்தியில் நின்றுவிட்டார். "பணத்தைத் திருப்பித் தர்றேன்னு நாமளே எழுதிக் குடுக்கோணுங்களா?" என்று கேட்டார். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றுதான் நான் சொன்னேன், இன்றும் சொல்வேன். முன்பணம் வங்கி ஏட்டில் திறந்த கணக்காகவே நிற்கிறது. சரக்கை அனுப்பி ஷிப்பிங் பில்லோடு பொருத்தினால்தான் மூடும், இல்லையென்றால் திருப்பித்தான் ஆக வேண்டும். எப்படியும் இருக்கிற கடமையை எழுத்தில் சொல்வதால் நமக்கு நஷ்டம் ஒன்றும் கிடையாது. அடுத்தவர் பணத்தை முதலில் வாங்கிக்கொள்கிறவர் தன் வாக்கையும் முதலில் கொடுத்தாக வேண்டும். முன்பணக் கடிதங்களில் பெரும்பாலும் விடுபடுவது இந்தப் பகுதிதான். அது இல்லாத கடிதத்தைப் படித்துவிட்டுப் பணம் அனுப்பாதவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

வங்கி விவரத்தைக் கடிதத்தின் உடம்பில் போடக் கூடாது, புரோஃபார்மாவில் மட்டும் இருக்க வேண்டும் என்பது இன்னொரு பழக்கம். அதோடு ஒரு வரி: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறாது. மாறியதாக எங்கள் பெயரில் மின்னஞ்சல் வந்தால் பணம் அனுப்பாதீர்கள், நீங்கள் ஏற்கெனவே பேசிய எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள்.' மின்னஞ்சலுக்குள் புகுந்து, உண்மையான புரோஃபார்மாவை எடுத்து, கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்பும் திருட்டு உலகம் முழுதும் நடக்கிறது. முன்பண வியாபாரம்தான் அதற்கு வசதியான இடம். பணம் போன பிறகு வாங்குநர் அனுப்பிவிட்டேன் என்பார், விற்பவர் வரவில்லை என்பார், இருவரும் உண்மையே பேசுவார்கள்.

கடிதத்தை யார் படிக்கப்போகிறார் என்பதும் என் கையைக் கட்டுப்படுத்துகிறது. மஸ்கட்டில் இதைத் திறப்பவர் பெரும்பாலும் ஒரு கொள்முதல் மேலாளர், பல நேரங்களில் மலையாளி. முடிவு செய்பவர் அவர் இல்லை. அவர் இதைக் கணக்குப் பிரிவுக்குத் தள்ளுவார், கணக்குப் பிரிவு முதலாளிக்குக் கொண்டுபோகும். இடையில் எங்கும் நாம் அருகிருந்து விளக்க முடியாது. ஆகவே தொகை, தேதி, கிழமை மூன்றும் ஒரே பத்தியில் இருக்க வேண்டும். கணக்கர் அந்தப் பத்தியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாலும் வேலை நடக்க வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. 2024 இறுதியில் ஓமான் அரசு இந்திய முட்டைக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை நிறுத்தியது. நாமக்கல்லிலிருந்து போன கன்டெய்னர்கள் சோகார் துறைமுகத்தில் நின்றுபோயின. கத்தாரும் அதே சமயம் முட்டையின் எடைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மாநிலங்களவை உறுப்பினர் கே.ஆர்.என். ராஜேஷ்குமார் நாடாளுமன்றத்தில் இதை எழுப்பினார். அந்தச் சமயத்தில் எங்கள் ஊர் டீக்கடைகளில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. பணம் முன்பே வாங்கியவர்களுக்கு நஷ்டம் இல்லை என்று அப்போது ஒருவர் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. கொச்சியில் கப்பலேற்றித் தரும் விலை என்றால், சரக்கு கப்பலில் ஏறியதோடு இடர் வாங்குநருக்குப் போய்விடுகிறது என்பது விதி. விதிப்படி நாம் தப்பிக்கலாம். ஆனால் அனுமதி இல்லாத நாட்டுக்குச் சரக்கை ஏற்றி, பணத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, உன் பாடு என்று இருந்தால் அந்த வாங்குநர் மறுபடி இந்த ஊர்ப்பக்கம் வருவாரா?

ஆகவே கடிதத்தில் ஒரு வரியைச் சேர்த்தேன்: 'உங்கள் இறக்குமதி அனுமதியின் நகலை 17ஆம் தேதிக்குள் எங்களுக்கு அனுப்புங்கள். அனுமதி கைக்கு வரவில்லையென்றால் இரண்டாம் தவணையை அனுப்ப வேண்டாம். முதல் தவணையில் பெட்டி அச்சுக்கும் பதிவுக்கும் ஆன செலவை ரசீதோடு கழித்துக்கொண்டு மீதியைத் திருப்புவோம், அல்லது அடுத்த அனுமதி வரும்வரை உங்கள் கணக்கில் வைத்திருப்போம்.' பணம் கேட்கிற கடிதத்தில் பணம் அனுப்பாதே என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்துப் பண்ணைக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரிதானுங்க, ஏத்திப்போட்டு அங்க நிக்கறதுக்கு இது தேவலை" என்றார்.

கப்பல் புறப்பட்ட பிறகு ஒரு நாடு கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்பதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. எந்தக் கடிதத்திலும் அதற்கு முழுப்பதில் எழுத முடியாது. பழகிய வாங்குநராக இருந்தால் நஷ்டத்தைப் பாதிப்பாதி பிரித்துக்கொள்வதாக வாய்மொழியில் பேசிக்கொள்கிறார்கள். அதையும் எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் முதல் ஆர்டரில் அந்தப் பேச்சை எடுத்தால் இரு பக்கமும் மிரண்டுவிடும். மூன்றாவது நாலாவது கன்டெய்னருக்குப் பிறகு பேசலாம். எழுபது சதத்தைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுப்பதையும் அப்போதே பேசலாம்.

மஸ்கட்டிலிருந்து மறுநாள் பதில் வந்தது. முன்பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கணக்குப் பிரிவு கேட்டிருந்தது ஒரே கேள்வி: நடுவில் உள்ள வங்கிகள் பிடிக்கும் கட்டணம் யார் பொறுப்பு? நல்ல கேள்வி அது. சொல்லாமல் விட்டால் சில டாலர் குறைந்து வந்து, இரண்டாம் தவணை முழுதாக வரவில்லை என்று திங்கட்கிழமை காலையில் ஏற்றலாமா கூடாதா என்ற தகராறு கிளம்பும். பணம் அனுப்பும் படிவத்தில் கட்டணக் கட்டத்துக்கு எதிரே OUR என்று குறிக்கும்படியும், அப்படிக் குறித்தும் நடுவில் ஐம்பது டாலருக்குள் குறைந்தால் அதற்காக ஏற்றுவதை நிறுத்த மாட்டோம் என்றும் எழுதி, அந்த வரியையே புரோஃபார்மாவிலும் சேர்த்து, திருத்திய தேதியிட்டு மறுபடி அனுப்பினோம்.